முதியோர் இல்லம், பகல் மையம்: பெயர் வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயர்ப்பலகை எழுதும் கடையில் தொடங்கி, இப்போது கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் பெயர் யோசித்துக் கொடுப்பதே என் வேலையாகிவிட்டது. பெரியவர்களைக் கவனிக்கும் இடங்களுக்குப் பெயர் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்கள் இவை. நடுநடுவே வரும் ‘நாவல்மரத்து வீடு’ திருச்சிப் பக்கம் நான் பெயர் வைக்க உதவிய ஓர் இடம். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக ஊரையும் ஆட்களையும் சொல்லவில்லை.

நல்லா பார்த்துக்கிட்டா போதாதா? பெயருக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

கவனிப்பு எப்படி என்பது உள்ளே வந்தவர்களுக்குத்தான் தெரியும். பெயரோ வெளியே இருப்பவர்களிடம் சொல்ல வேண்டியது. குடும்பம் கூனிக் குறுகுவது அந்த இடத்தில்தான்.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா போன் செய்கிறார். “அம்மா எங்கடா? ரெண்டு நாளா போனே எடுக்கல.” மகன் ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும். “அம்மாவை முதியோர் இல்லத்துல சேர்த்திருக்கோம் பெரியம்மா.” இந்த வாக்கியத்தில் அம்மா எதையும் செய்யவில்லை. அவரை யாரோ எடுத்துப் போய் எங்கேயோ வைத்தது போல இருக்கிறது. மகன் சொல்லி முடிக்கும்போதே பெரியம்மா அதைத் தனக்குள் “கொண்டு போய் விட்டுட்டாங்க” என்று மாற்றிக்கொள்வார். மாலைக்குள் நான்கு வீடுகளுக்குச் செய்தி போய்விடும்.

அதே மகன், “அம்மா நாவல்மரத்து வீட்டுக்குப் போயிருக்காங்க” என்று சொன்னால்? அம்மா எழுவாய் ஆகிவிட்டார். போனவர் அவர். பெரியம்மா அடுத்து, “அது எங்க இருக்கு, என்ன வீடு?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு மகனால் நிதானமாகப் பதில் சொல்ல முடியும். அங்கே நர்ஸ் இருக்கிறார், மதியம் இன்ன சாப்பாடு, நான் தினமும் சாயங்காலம் போகிறேன் என்று பேச்சு போகும்.

அதனால் பெயரைப் பலகையில் எழுதிப் பார்க்கும் முன் “___க்குப் போயிருக்காங்க” என்ற வாக்கியத்தில் போட்டுப் பார்ப்பேன். அதில் உட்கார மறுத்து “___ல சேர்த்திருக்கோம்” என்றே சொல்ல வைக்கும் பெயரை ஒதுக்கிவிடுவேன்.

‘முதியோர் இல்லம்’ என்றால்தானே எல்லோருக்கும் புரியும்? அதையே பெயரோடு சேர்த்தால் என்ன?

புரியும். ஆனால் என்ன புரிகிறது என்று பாருங்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது என்ற கணக்கில் வசதியற்ற முதியோர் 150 பேர் தங்கும் இல்லங்களை அமைக்கலாம் என்று அரசுக்கு வழி சொல்கிறது. சட்டத்துக்கு வெகு காலம் முன்பிருந்தே தொண்டு நிறுவனங்களும் மடங்களும் தேவாலயங்களும் இப்படிப்பட்ட இல்லங்களை நடத்தி வருகின்றன. நம் ஊரில் அந்தச் சொல் யாருமற்றவர்களுக்கான இடம் என்றே பழகிவிட்டது. மாதம் முப்பதாயிரம் கட்டித் தங்குபவரும் தெருவிலிருந்து அழைத்து வரப்பட்டவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

இதனால் நடக்கிற ஒரு விஷயத்தைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் யாரும் எதிர்பார்ப்பதில்லை. பலகையில் அந்தச் சொல் ஏறிய மாதமே போன் வர ஆரம்பிக்கும். “சார், பையனுக்கு முதல் பிறந்தநாள். ஒரு வேளை சாப்பாடு போடணும். எத்தனை பேர் இருக்காங்க?” கேட்பவர்கள் நல்லவர்கள். நம் ஊரில் பிறந்தநாளுக்கும் திதிக்கும் இல்லத்தில் சாப்பாடு போடுவது வழக்கம்தான்.

நான் பார்த்த ஓர் இடத்தில், கட்டணம் வாங்கும் இல்லம்தான் அது, மேலாளர் மறுக்க முடியாமல் ஒப்புக்கொண்டார். வந்த குடும்பம் பெரியவர்களை வரிசையாக உட்கார வைத்து, குழந்தையின் கையால் லட்டு கொடுக்க வைத்துப் படம் எடுத்தது. அந்த வரிசையில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்தார். லட்டைக் கையில் வாங்கவில்லை. தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து அறைக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி மகளுக்குப் போன் போட்டு, “என்னை எந்த இடத்துல விட்டிருக்கே?” என்று கேட்டிருக்கிறார். இத்தனைக்கும் அங்கே கவனிப்பில் குறை எதுவும் இல்லை.

ஆக, அந்தச் சொல்லைப் பெயரில் வைக்காதீர்கள். அரசுப் பதிவிலும் இணையத்தில் இட வகையைக் குறிக்கும் கட்டத்திலும் அது இருக்கட்டும். தேடுகிறவர்கள் அதைத்தான் தட்டுவார்கள். வாசல் பலகையில் மட்டும் வேண்டாம்.

அன்பு, கருணை, அரவணைப்பு, தாய்மடி என்று நல்ல சொல்லாக வைத்தால் குடும்பத்துக்கு நிம்மதிதானே?

நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது எனக்கு எதிர்க் கருத்து. வாசலில் ‘அன்பு’ என்று எழுதியிருந்தால், அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரும் மகள் அதை எப்படிப் படிப்பாள்? ‘உன் வீட்டில் கிடைக்காதது இங்கே கிடைக்கும்’ என்று படிப்பாள். நீங்கள் சொல்ல வந்தது அதுவல்ல. ஆனால் ஏற்கெனவே குறுகுறுத்துக்கொண்டிருக்கும் மனதுக்கு அப்படித்தான் கேட்கும். ‘கருணை’ இன்னும் மோசம். பெற்ற தாய்க்கு யாரோ கருணை காட்டுகிறார்கள் என்றால் பிள்ளை எங்கே போனான்?

‘விழுது’ என்ற பெயரை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆலமரம் சாய்ந்தால் விழுதுதான் தாங்கும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த விழுது பிள்ளைகள். இல்லத்துக்கே அந்தப் பெயரை வைத்தால், தாங்க வேண்டிய விழுது தாங்கவில்லை, நாங்கள் தாங்குகிறோம் என்று பலகை போட்டுச் சொல்வதாகிவிடும்.

‘தாய்மடி’ பெரியவர்களையே குழந்தையாக்குகிறது. எழுபத்தெட்டு வயதில், நான்கு பிள்ளைகளை மடியில் போட்டு வளர்த்தவரிடம் போய் “உங்களுக்கு ஒரு மடி வைத்திருக்கிறோம்” என்றால் சிரிப்பார். அல்லது கோபப்படுவார்.

அப்படியானால் அந்தி, மாலை, சாந்தி, அமைதி போன்ற மென்மையான பெயர்கள்?

வேண்டாம். நாற்பது வயதுக்காரர் காதில்தான் அவை மென்மை. எண்பது வயதுக்காரர் காதில் அவை நேரடியாகச் சாவைத்தான் சொல்லும். ‘சாந்தி’ என்றதும் முன்னால் ‘ஆத்மா’ வந்து ஒட்டிக்கொள்ளும். கத்தோலிக்க வீடுகளில் ‘இளைப்பாற்றி’ என்றால் இறந்தோருக்கான செபம்தான் நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழில் ‘இளைப்பாறிய ஆசிரியர்’ என்றால் ஓய்வுபெற்ற ஆசிரியர், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் உறுத்தாத சொல் நாகர்கோவிலில் உறுத்தும். கைலாசம், வைகுண்டம் எல்லாம் சாமி பெயர்தானே என்பார்கள். “அவர் வைகுண்டம் போயிட்டார்” என்ற வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கச் சொன்னால் போதும், அவர்களே கைவிட்டுவிடுவார்கள்.

பகல் மையத்துக்கு ‘காப்பகம்’ என்று போடலாமா? அரசாங்கமே அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறதே?

குழந்தைகள் காப்பகம், புலிகள் காப்பகம் எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். காப்பாற்றப்பட வேண்டியவர், தப்பிப் போய்விடக் கூடியவர் என்ற தொனி அதில் இருக்கிறது. சான்றிதழில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மாற்றாக ‘கிளப்’ என்பார்கள். அதைத் தமிழாக்கி ‘மனமகிழ் மன்றம்’ என்று ஒருவர் பலகைக்கே ஆர்டர் கொடுத்துவிட்டார். தமிழ்நாட்டில் மனமகிழ் மன்றம் என்றால் சீட்டாட்டமும் மது உரிமமும் உள்ள இடம் என்று ஊருக்கே தெரியும். “அப்பா மனமகிழ் மன்றத்துக்குப் போயிருக்கார்” என்று மருமகள் அக்கம்பக்கத்தில் சொல்ல முடியுமா? அந்த ஆர்டரை நான் எடுக்கவில்லை. ‘நர்சிங் ஹோம்’ என்பதும் சிக்கல்தான். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அது முதியோர் பராமரிப்பு இடம். நம் ஊரில் பிரசவம் பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரி. பலகையில் போட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ வந்து நிற்கும்.

பகல் மையத்தில் பெரியவரே அந்த இடத்தை எப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்பதைக் கவனியுங்கள். மறதி நோய் தொடங்கியவர்களில் பலர் காலையில் கிளம்பும்போது “ஆபீசுக்கு நேரமாச்சு” என்பார்கள். சில அம்மாக்கள் “ஸ்கூலுக்குப் போறேன்” என்பார்கள். அவர்களை யாரும் திருத்த வேண்டியதில்லை. பெயரும் குறுக்கே வராமல் இருந்தால் போதும். ‘முதியோர் பகல்நேரக் காப்பகம்’ என்று எழுதிய வேன் வாசலில் வந்து நின்றால், ஆபீசுக்குக் கிளம்பியவர் படியிலேயே நின்றுவிடுவார்.

வேனில்கூடப் பெயர் எழுதக்கூடாதா?

எழுதலாம். ஆனால் வேன்தான் உங்கள் பெயர்ப்பலகைகளிலேயே கூர்மையானது என்பதை மறக்காதீர்கள். வாசல் பலகையை உங்கள் தெரு பார்க்கும். வேனை ஒவ்வொரு குடும்பத்தின் தெருவும் பார்க்கும், அதுவும் தினமும் காலை ஒன்பது மணிக்கு, எல்லோரும் வாசலில் நிற்கும் நேரத்தில். நாவல்மரத்து வீட்டு வேனில் பெயரும் போன் எண்ணும் மட்டும்தான். முதியோர், நோய், கவனிப்பு என்று ஒரு சொல்லும் கிடையாது. சக்கர நாற்காலிப் படத்தையும் எடுக்கச் சொன்னேன்.

செஞ்சிலுவைச் சின்னத்தை எங்கேயும் போடாதீர்கள். அது 1960-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. அனுமதியின்றிப் பயன்படுத்துவது குற்றம். ஸ்டிக்கர் கடைக்காரர்கள் கேட்காமலே ஒட்டிவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் போகும் வேறு சில இடங்களும் இருக்கின்றன. மகன் பணம் கட்டியதும் செல்போனில் வரும் குறுஞ்செய்தி, வங்கிக் கணக்கு விவரம், ரசீது. அறக்கட்டளையின் பெயரில் கணக்கு இருந்து, அதில் ‘ஆதரவற்றோர்’ என்ற சொல் இருந்தால், மாதாமாதம் மகனுக்கு ஒரு குத்து. பெயரை முடிவு செய்த பிறகு, ஒரு ரூபாய் அனுப்பி எந்தப் பெயர் தெரிகிறது என்று பாருங்கள்.

‘நாவல்மரத்து வீடு’ என்ற பெயர் எப்படி வந்தது? முழுக்கதையும் சொல்லுங்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா, கணவரோடு சேர்ந்து தொடங்கியது. பழைய ஓட்டு வீடு, பின்னால் புதிதாகக் கட்டிய பகுதி. பத்துப் பேர் தங்கலாம், பகலில் பதினைந்து பேர் வந்து போகலாம். என்னிடம் வரும்போது ‘அன்னை கருணை முதியோர் இல்லம்’ என்று எழுதிய தாளோடு வந்தார்.

நான் வீட்டைப் பார்க்கப் போனேன். வழி தெரியாமல் தெருமுனையில் பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டதற்கு, “அந்த நாவமரத்து வீடா? நேராப் போங்க” என்றார். பெயர் அங்கேயே கிடைத்துவிட்டது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் எனக்கு அப்போது உறைக்கவில்லை. ‘திண்ணை’, ‘முற்றம்’, ‘கூடம்’ என்று நான் என் பட்டியலோடு போயிருந்தேன். மூன்றும் பழகிய சொற்கள், வீட்டின் பாகங்கள். அக்காவுக்கு ‘முற்றம்’ பிடித்தும் இருந்தது.

பிறகு போட்டுப் பார்த்தோம். அக்காவுக்குத் தெரிந்த, ஏற்கெனவே வேறு இடங்களில் பெரியவர்களைத் தங்க வைத்திருந்த ஏழு குடும்பங்களிடம் பேசினோம். எந்தப் பெயர் பிடிக்கிறது என்று கேட்கவே இல்லை. அப்படிக் கேட்டால் எல்லோரும் அழகான சொல்லைத்தான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, “உங்க சித்தி போன்ல கேட்கிறாங்க, அம்மா எங்கேன்னு. இந்தப் பெயரை வச்சுப் பதில் சொல்லுங்க” என்றோம்.

‘திண்ணை’ முதலில் விழுந்தது. “அம்மா திண்ணைல இருக்காங்க” என்று சொன்னவர் அவராகவே நிறுத்திவிட்டார். வயதானவர்களை வீட்டுக்குள் விடாமல் திண்ணையில் கிடத்துவது என்பது நம் ஊரில் ஒரு வசை. நான் அதை யோசிக்கவே இல்லை. தொழிலில் இத்தனை வருடம் இருந்தும் கோட்டை விட்டேன். ‘கூடம்’ என்றால் பள்ளிக்கூடமா, பரிசோதனைக்கூடமா என்று கேட்டார்கள். ‘முற்றம்’ தப்பித்தது. ஆனால் ஒவ்வொருவரும் பெயரைச் சொன்ன கையோடு, “அதாவது ஒரு ஹோம் மாதிரி” என்று விளக்கமும் சேர்த்தார்கள். விளக்கம் சேர்க்க வைக்கும் பெயர் கடைசியில் பழைய சொல்லிடமே கொண்டுவந்து விட்டுவிடும்.

அன்று மாலை காபி குடிக்கும்போதுதான் பெட்டிக்கடைக்காரர் சொன்னதை அக்காவின் கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “எங்க அப்பா காலத்துல இருந்தே அப்படித்தான்” என்றார். வேப்பமரத்து வீடு, கிணத்து வீடு, மெத்தை வீடு என்று நம் தெருக்களில் எல்லா வீட்டுக்கும் ஊர் ஒரு பெயர் வைத்திருக்கும். அந்தப் பெயர் யாரையும் எடை போடுவதில்லை, எந்த வாக்குறுதியும் கொடுப்பதில்லை. மறுநாள் அதே ஏழு குடும்பங்களிடமும் போனோம். ஐந்து பேர், நாங்கள் எடுத்துக் கொடுக்காமலே, “போயிருக்காங்க” என்று முடித்தார்கள். ஒரு பெண் மட்டும் “சேர்த்திருக்கோம்” என்றார். அவருடைய மாமியார் படுக்கையில் இருப்பவர். அவருக்கு அந்த வாக்கியம்தான் உண்மை. இன்னொருவர் பதில் சொல்லாமல் அழுதுவிட்டார். அதற்குமேல் கேட்கவில்லை.

பெரியவர்களிடமும் கேட்டோம். ஒரு பாட்டி பெயரைக் கேட்டதும், “சுட்ட பழமா, சுடாத பழமா?” என்றார். ஔவையாரை முருகன் மடக்கிய கதை. வெகுநேரம் சிரித்தார்கள். இன்னொருவர், “கொட்டையை இடிச்சுக் குடுத்தா சர்க்கரை குறையும், மாத்திரைக் காசு மிச்சம்” என்றார்.

அந்தப் பெயரில் சிக்கலே வரவில்லையா?

வந்தது. ஆங்கில எழுத்தில். மகன்களும் மகள்களும் பாதிப் பேர் வெளியூர், வெளிநாடு. அவர்கள் தேடுவது ஆங்கில எழுத்தில்தான். Naval என்று எழுதினால் கடற்படை. தேடினால் விசாகப்பட்டினத்துக்குப் போய்விடும். ‘நாவல்’ என்று மட்டும் சொன்னால் கதைப் புத்தகம். வெளிநாட்டில் இருக்கும் ஒரு மகள் ‘ஜாமூன் ட்ரீ ஹவுஸ்’ என்று வைக்கலாமே என்றார். நர்ஸ் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “இருக்கிறவங்கள்ல பாதி சர்க்கரை. வாசல்ல ஜாமூன்னு போட்டா குலாப் ஜாமூன் எங்கேன்னு கேப்பாங்க.” கடைசியில் Naaval Marathu Veedu என்று இரண்டு a போட்டு, எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி எழுதுவது என்று முடிவாயிற்று. நீளம்தான். ‘ழ’ உள்ள பெயர்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ஒருவர் zh போடுவார், ஒருவர் l போடுவார். எனவே பெயர் முடிவாகும் முன், நான்கு பேரிடம் வாயால் சொல்லி ஆங்கில எழுத்தில் தட்டச் சொல்லுங்கள். நான்கும் நான்கு விதமாக வந்தால் யோசியுங்கள்.

பகல் மையம், தங்கும் இடம் இரண்டுக்கும் ஒரே பெயரா, தனித்தனியா?

ஒரே பெயர் என்பேன். தனித்தனியாக இருந்தால், பகலில் வந்து போகும் அம்மா ஒருநாள் தங்கும் இடத்துக்கு மாறும்போது குடும்பம் உறவினருக்கு மறுபடி ஒரு செய்தி சொல்ல வேண்டும். ஒரே பெயராக இருந்தால், “இப்ப ராத்திரியும் அங்கேயே இருக்காங்க” என்பதோடு முடிந்துவிடும். மறதி உள்ளவருக்கும் வாசலில் அதே எழுத்துகள். பகலில் மட்டும் வருபவர்களின் குடும்பம் ‘அடுத்தது கட்டில்தானோ’ என்று பயப்படும் என்பது உண்மைதான். அதற்குத் தனி வாசலும், கீழே ஒரு சின்ன வரியும் வையுங்கள்.

கீழ்வரியில் என்ன எழுத வேண்டும்? ‘உங்கள் பெற்றோர், எங்கள் பெற்றோர்’ என்று போடலாமா?

அந்த வரியைத்தான் எல்லோரும் போடுகிறார்கள், எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. மகளின் அம்மாவை நீங்கள் எடுத்துக்கொள்வதாக அவளிடமே சொல்கிறீர்கள். அவள் அம்மா அவளுக்கே அம்மாவாக இருக்கட்டும். ‘கவலையை எங்களிடம் விடுங்கள்’ என்பதும் வேண்டாம். கவலை விடுகிற சாமான் இல்லை.

கீழ்வரியில் தகவல் எழுதுங்கள். நாவல்மரத்து வீட்டில் எழுதியது இது: “பெரியவர்களுக்கு: பகலில் வரலாம், தங்கலாம். 24 மணி நேரமும் நர்ஸ் உண்டு. குடும்பத்தார் எந்த நேரமும் வரலாம்.” கடைசி வாக்கியம்தான் அதிகம் வேலை செய்கிறது. பார்வை நேரம் என்று ஒன்று இல்லாத இடத்தில் யாரும் விட்டுவிட்டுப் போனதாக ஆகாது. ஆனால் உண்மையிலேயே எந்த நேரமும் கதவைத் திறப்பீர்கள் என்றால் மட்டும் எழுதுங்கள்.

‘முதியோர்’, ‘மூத்தோர்’, ‘பெரியவர்கள்’ மூன்றில் எது என்று கேட்டால் மூன்றாவது. வீட்டில் நாம் வாயால் சொல்வது அதுதான். ‘மூத்த குடிமக்கள்’ பஸ் சீட்டுக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் உரிய சொல். சைவச் சாப்பாடு மட்டும் என்றாலும் கீழ்வரியிலேயே சொல்லிவிடுங்கள். சாமி பெயர் வைத்து அதைச் சாடையாகத் தெரிவிப்பதைவிட இது நேர்மை.

பெயரை இப்படி மென்மையாக்கினால் ஏமாற்றுவது போல ஆகாதா?

ஆகலாம், எல்லை இருக்கிறது. படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கும் இடத்துக்கு ‘ரிசார்ட்’ என்று பெயர் வைத்தால், முதல் நாள் டயபர் வாசனையில் எல்லாம் தெரிந்துவிடும். ஏமாந்தோம் என்ற கோபமும் குற்ற உணர்வோடு சேர்ந்துகொள்ளும். பெயர் அடக்கமாக இருக்கலாம், பொய் சொல்லக் கூடாது. முன்பு சொன்ன மாமியாரின் மருமகளுக்கு எந்தப் பெயரும் அந்த வாக்கியத்தை மாற்றித் தராது. அவர் கேட்டது, இரவில் எத்தனை தடவை புரட்டிப் படுக்க வைப்பீர்கள் என்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று பதில் வந்ததும்தான் பையைக் கீழே வைத்தார்.

சட்டப்படி எதைக் கவனிக்க வேண்டும்?

கொஞ்சம்தான். தமிழ்நாட்டில் பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற அளவில் எழுதச் சொல்கிறார்கள். காந்தி, நேரு போன்ற பெயர்களையும், அரசின் ஆதரவு இருப்பது போன்ற பெயர்களையும் வணிகத்துக்குப் பயன்படுத்த 1950-ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டம் தடை செய்கிறது. வணிகக் குறியாகப் பதிவதென்றால், முதியோர் தங்குமிடச் சேவை 43-ஆம் வகுப்பில் வரும், மருத்துவக் கவனிப்பு 44-இல். தனிநபர் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு ரூ. 4,500. பதிவு 10 ஆண்டுக்கு நிற்கும். ‘அன்பு முதியோர் இல்லம்’ போன்ற பொதுச் சொற்கள் பதிவாவது கடினம். விண்ணப்பிக்கும் முன் அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பதிவகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

ஆறு வருஷமா ‘முதியோர் இல்லம்’ என்றே நடத்துகிறோம். இப்போது மாற்றினால் சந்தேகப்பட மாட்டார்களா?

சொல்லாமல் மாற்றினால் சந்தேகப்படுவார்கள். ஏதோ பிரச்சினையாகிப் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பும். முதலில் உள்ளே இருக்கும் பெரியவர்களிடம் பேசுங்கள், பிறகு குடும்பத்தாரிடம், அப்புறம்தான் பலகை. அவர்களுடைய ஓய்வூதியக் கடிதமும் வங்கிக் கடிதமும் பழைய பெயருக்கே வரும். அதனால் ஒரு வருடம் பழைய பெயரைச் சின்ன எழுத்தில் கீழே வைத்திருங்கள். தபால்காரரிடமும் தெருமுனைக் கடையிலும் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

வைத்த பெயர் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

மூன்று மாதம் கழித்து, குடும்பத்தார் போனில் பேசுவதைக் கவனியுங்கள். பெயரைச் சொல்கிறார்களா, அல்லது “அங்க” என்கிறார்களா? “அங்க நல்லா இருக்காங்க”, “அங்கதான் இருக்காங்க” என்றே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால், பெயர் அவர் வாயில் வரவில்லை. குரல் தணிகிறதா என்றும் பாருங்கள். பாட்டியைப் பார்க்க வரும் பேரக் குழந்தைகள் இதற்கு இன்னும் நல்ல அளவுகோல். ஒரு பையன் வகுப்புத் தோழனிடம், “எங்க ஆச்சி நாவமரத்து வீட்டுல இருக்காங்க, பழம் சீசனுக்கு வா” என்று சொன்னதாக அவன் அம்மா சொன்னார்.

மரத்தின் பெயரை வைத்தீர்கள், சரி. மரம் விழுந்துவிட்டால்?

இதை அந்த அக்காவும் கேட்டார். ஆலமரமே இல்லாத ஆலமரத்து ஸ்டாப்பில்தான் நம் ஊரில் எத்தனையோ பஸ் நிற்கிறது என்றேன். அவர் திருப்தியாகவில்லை. பெயர் வைத்த வாரமே பின்கட்டில் இன்னொரு நாவல் கன்றை நட்டார். தண்ணீர் ஊற்றுவது, லட்டு வாங்காமல் எழுந்து போன அந்தத் தலைமை ஆசிரியர். மகள் அவரை இங்கே மாற்றியிருக்கிறார். வேறு யாரையும் வாளியைத் தொட விடுவதில்லையாம்.